டெலிபிராம்ப்டரில் படிப்பது தெரியாமல் பேச

பேச வேண்டியதைத் திரையில் உருட்டிக் காட்டும் செல்போன் டெலிபிராம்ப்டரில் பார்வை விலகித் தெரிவதற்கு முக்கியக் காரணம், போன் முகத்துக்கு மிக அருகில் இருப்பதுதான். எழுத்து லென்ஸுக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், 40 செ.மீ. தூரத்தில் கண் சுமார் 4 டிகிரி தாழும். போனை 120 செ.மீ. தள்ளி வைத்தால் அது ஒன்றரை டிகிரிக்கும் கீழே போய்விடும், பார்ப்பவருக்குத் தெரியாது. தள்ளி வைத்தால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், குரலுக்குச் சட்டை மைக்கும் தேவைப்படும்.

எழுத்துப் பெட்டியை லென்ஸை ஒட்டி நகர்த்தி, வரிக்கு மூன்று நான்கு சொற்கள் மட்டும் வரும்படி குறுக்குங்கள். வரி அகலமாக இருந்தால் கருவிழி இடமும் வலமும் ஓடுவது அப்படியே பதிவாகும். போனைப் படுக்கவைத்து எடுத்தால் லென்ஸ் பக்கவாட்டுக்குப் போய்விடும், பெட்டியும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பேச்சு விறைப்பாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்து நடை. "செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டு இயல்பாகப் பேச முடியாது. "செய்யணும்" என்றே தட்டச்சு செய்யுங்கள். மூச்சு விடும் இடத்தில் ஒரு வெற்று வரி விடுங்கள்.

வேகத்தை ஊகித்து வைக்காதீர்கள். முதலில் ஸ்கிரிப்டை இயல்பாகப் பேசி நேரம் பாருங்கள். 90 நொடி ஆனால், உருளும் நேரத்தை 95 நொடியாக வையுங்கள். வாக்கியக் கடைசிச் சொற்களை அவசரமாக விழுங்கினால், வேகம் இன்னும் அதிகம் என்று அர்த்தம்.