RBW-ஐக் குறைத்தால் இரைச்சல் ஏன் இறங்குகிறது? மறைந்த சிக்னல் எப்படி வெளியே வருகிறது?

ஹட்டனில் மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். அதனால் என் மேசையில் எல்லாமே 12 வோல்ட் பெட்டரியில் ஓடும். ஒருநாள் 10 மெகாஹெர்ட்ஸ் ஒசிலேட்டர் ஒன்றுக்கு, மலிவான பக் கன்வேட்டரில் 5 வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். ரிசீவரில் மெல்லிய கீச்சொலி கேட்டது. ஆனால் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் ஒரேயொரு சுத்தமான மேடுதான் தெரிந்தது. குறை ஒசிலேட்டரில் இல்லை, நான் வைத்திருந்த RBW-இல் இருந்தது.

RBW என்பது அனலைசருக்குள் இருக்கும் வடிகட்டியின் அகலம். அனலைசர் அந்த ஜன்னலை அலைவரிசை முழுக்க நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் உள்ளே விழும் சக்தியை அளந்து திரையில் வரைகிறது.

படி 1: இரைச்சலை மட்டும் பாருங்கள்

உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டுங்கள். அட்டெனுவேட்டரை 0-இல் வைத்து, RBW-ஐ 30 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். என் பழைய மேசை அனலைசரில் இரைச்சல் தளம் −105 டிபிஎம் பக்கம் நின்றது. 3 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் −115-க்கு இறங்கியது. இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடப்பதால், ஜன்னலைப் பத்தில் ஒன்றாக்கினால் உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒன்றாகிறது. அதுதான் அந்த 10 டெசிபெல்.

```
மாற்றம் (dB) = 10 × log10(புதிய RBW / பழைய RBW)
```

டெர்மினேட்டர் மட்டும் மாட்டியிருக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் கருவி சொந்தமாகச் சேர்க்கும் இரைச்சல்தான். அது ஒரு ஹெர்ட்ஸுக்கு எவ்வளவு என்பது இதனால் மாறுவதில்லை, ஜன்னலுக்குள் விழும் பங்குதான் குறைகிறது. ஒவ்வொரு அளவையும் எழுதும்போது பக்கத்திலேயே RBW-ஐயும் எழுதிவையுங்கள். அது இல்லாத இரைச்சல் அளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

படி 2: பக்கத்துச் சிக்னலைப் பிரியுங்கள்

இப்போது ஒசிலேட்டரை இணையுங்கள். நடுவே 10 மெகாஹெர்ட்ஸ், SPAN, அதாவது திரை முழுக்கத் தெரியும் அகலம், 100 கிலோஹெர்ட்ஸ். ஒரு சுத்தமான சிக்னலைக் கொடுத்தாலும் திரையில் கோடு வராது, வடிகட்டியின் வடிவம்தான் மேடாக வரும். 30 கிலோஹெர்ட்ஸில் எனக்குத் தெரிந்த ‘சுத்தமான’ மேடு அதுவே.

இரண்டு சிக்னல்கள் சம உயரம் என்றால், அவற்றின் இடைவெளியை விட RBW சிறிதாக இருந்தால் போதும், நடுவே பள்ளம் தெரியும். உயரம் வேறுபட்டால் அது போதாது. நான் சறுக்கியது இங்கேதான். என் பிரதான சிக்னல் −30 டிபிஎம். கன்வேட்டர் குறைந்த சுமையில் துடிப்புகளை விட்டுவிட்டு ஓடியதால், இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி −70-இல் இரண்டு துணைச் சிக்னல்கள் இருந்தன. 3 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் பிரிந்துவிடும் என்று நினைத்தேன், பிரியவில்லை. நான்கு கட்ட அனலாக் வடிகட்டியின் சரிவு, 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஏறத்தாழ 39 டெசிபெல்தான் இறங்கியிருக்கும். அதாவது சரிவே −69-இல் நிற்கிறது. −70-இல் இருப்பது அதற்குள் புதைந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்ததும் சரிவு அதே இடத்தில் 75 டெசிபெல் இறங்கியது. இரண்டு சிக்னல்களும் பளிச்சென்று எழுந்தன. கன்வேட்டரைக் கழற்றி லீனியர் ரெகுலேட்டர் போட்டேன், கீச்சொலியும் போனது. ஒசிலேட்டருக்கு நான் எப்போதும் லீனியர்தான் சொல்வேன்.

படி 3: ஸ்வீப்பை அவசரப்படுத்தாதீர்கள்

குறுகிய வடிகட்டி நிரம்ப நேரம் எடுக்கும். பழைய வகை அனலைசரில் RBW பத்தில் ஒன்றானால் ஸ்வீப் நேரம் நூறு மடங்கு வேண்டும். SPAN 100 கிலோஹெர்ட்ஸ், RBW 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் கால் செக்கன்தான். அதே RBW-இல் SPAN-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 50 செக்கன் ஆகிவிடும். நேரத்தைக் கையால் குறைத்தால் மேடு தாழ்ந்து, ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். சில கருவிகள் MEAS UNCAL என்று எழுதிக் காட்டும். ஆகவே முதலில் SPAN-ஐச் சுருக்குங்கள், அப்புறம் RBW-ஐக் குறையுங்கள், ஸ்வீப் நேரத்தை AUTO-விலேயே விடுங்கள்.

பிற்சேர்க்கை: “RBW-ஐக் குறைத்தால் எஃப்எம் நிலையத்தின் உயரமும் சேர்ந்து குறைகிறதே, கருவி பழுதா?” என்று பதுளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழுதில்லை தம்பி. எஃப்எம் நிலையம் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் ஜன்னலுக்குள் அதன் ஒரு துண்டுதான் விழும், அதனால் உயரமும் இரைச்சலைப் போலவே இறங்கும். RBW-ஐ மாற்றினாலும் உயரம் அசையாமல் நிற்பது, ஜன்னலை விட ஒடுங்கிய சிக்னல் மட்டுமே. ஒரு நிலையத்தின் முழுச் சக்தி வேண்டுமென்றால் RBW-ஐ 300 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பாருங்கள். பக்கத்து நிலையம் நெருக்கமாக இருந்தால் அதன் சக்தியும் சேர்ந்துவிடும்.