மல்பெரித் தளிர் மஞ்சளானது

உரும்பிராய்ச் செம்மண்ணில் எங்கள் மல்பெரியின் நுனியிலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை. இளம் பட்டுப்புழுக்களுக்குப் போடுவதே அந்தத் தளிர்தான். அதனால் புழுக்கள் சீராக வளரவில்லை, கூடுகளும் மெலிந்தன.

யூரியா போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், மாறவில்லை. ஆனால் அடியிலைகள் நல்ல பச்சை. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலைதான் மஞ்சளாகும். நுனியில் தொடங்கினால் இரும்புச்சத்தைப் பார்க்கவேண்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைப்பது குறைவு.

லீற்றருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேற் என்ற இரும்பு உப்பைக் கரைத்து விசிறினேன். கிணற்றுத் தண்ணீரில் அது துருநிறமாகிப் படிந்தது, இலை தேறவில்லை. மழைநீரில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுக் கரைத்தால் தெளிவாக நின்றது. சரி என்று கவாத்து செய்து, புழு வளர்க்காத இடைவெளியில் புதுத்தளிருக்கு மாலையில் விசிறினேன். ஒரு கிழமை விட்டு இன்னொரு முறை. அப்புறம் வந்த தளிர் முழுப்பச்சை. அப்பாடா! விசிறிய இலையைப் புழுவுக்குப் போடாதீர்கள்.