வெளிநாட்டுக் கட்டுமானப் பணிக்கு ஏஜென்சி வழியாக விண்ணப்பிக்கும் பைப் வெல்டர் கடிதம் எழுதும் முறை

ஏஜென்சியில் உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவருக்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேலை தரும் நிறுவனம் அனுப்பிய தேவைப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் கேட்டவை கடிதத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் அவர் பார்ப்பார். அதன் பிறகே அது நிறுவனத்தின் வெல்டிங் இன்ஸ்பெக்டரிடம் போகும். ஆகவே, முன்னவருக்கு எளிதில் விளங்குவதாகவும் பின்னவருக்கு ஐயம் எழாததாகவும் கடிதம் அமைய வேண்டும்.

படி 1: சான்றிதழில் உள்ளதை முழுமையாகப் படியுங்கள்

"6ஜி வெல்டர்" என்று மட்டும் எழுதுவதே நான் அதிகம் பார்த்த குறை. 6ஜி என்பது 45 பாகை சாய்வில் பைப்பை அசையாமல் நிறுத்தி வெல்டிங் செய்யும் நிலை. எந்த முறையில், எவ்வளவு தடிமனில், எந்த விட்டத்தில் தேர்வானீர்கள் என்பதை அது சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவின்படி ஒருவர் 6 அங்குல, ஷெட்யூல் 80 கார்பன் ஸ்டீல் பைப்பில் தேர்வு எழுதினார். பைப்பின் தடிமன் 10.97 மி.மீ. ரூட்டை டிக் முறையில் 3 மி.மீ. அளவுக்குப் போட்டு, மீதி ஏறத்தாழ 8 மி.மீ. அளவை ஆர்க் முறையில் நிரப்பினார். இத்தகைய தேர்வில் ஒவ்வொரு முறைக்கும் அவர் படியவைத்த தடிமனின் இருமடங்கு வரை தகுதி கிடைக்கும். அதாவது டிக்கில் 6 மி.மீ., ஆர்க்கில் சுமார் 16 மி.மீ. விட்டத்தில் 73 மி.மீ.யும் அதற்கு மேற்பட்டவையும் அடங்கும்.

பெரிய பைப்பில் தேறியவர் சிறிய பைப்பையும் போடலாம் என்று பலர் நம்புகிறார்கள். விதி அப்படி இல்லை. 2 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. என்பதால், மேற்கண்ட சான்றிதழ் அதன் பட் ஜாயின்டுகளுக்குப் போதாது. தேவைப் பட்டியலில் 2 அங்குல லைன் இருந்தால், சிறுவிட்டத் தேர்வின் சான்றிதழையும் காட்ட வேண்டும். இல்லையெனில் அந்தத் தேர்வுக்குத் தயார் என்று நேராக எழுதிவிட வேண்டும்.

படி 2: கடைசியாக வெல்டிங் செய்த மாதத்தைக் குறியுங்கள்

ஒரு முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வெல்டிங் செய்யாவிட்டால், அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். ஆர்க்கில் நேற்று வரை வேலை செய்திருந்தாலும், டிக்கைத் தொட்டு எட்டு மாதமாகிவிட்டால் டிக் தகுதி போய்விடும். ஆகவே, இரண்டையும் தனித்தனியே எழுதி, நிறுவனத்தின் வெல்டிங் பதிவு கையில் இருந்தால் நகல் இணையுங்கள்.

படி 3: அனுபவத்தை வேலையாக எழுதுங்கள்

"பத்து ஆண்டு அனுபவம்" என்பதைவிட எந்த லைன், எந்த உலோகம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பவைதான் இன்ஸ்பெக்டருக்கு உதவும். இடைவெளி இருந்தால் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள். தேதிகள் அனுபவச் சான்றிதழோடும், பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டோடும் ஒத்திருக்க வேண்டும்.

படி 4: கடிதம்

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: பைப் வெல்டர் (டிக் மற்றும் ஆர்க்) பணிக்கு விண்ணப்பம், பணி எண் …
>
> தாங்கள் அறிவித்துள்ள பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2024 மார்ச்சில் ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவின்படி, 6 அங்குல ஷெட்யூல் 80 கார்பன் ஸ்டீல் பைப்பில், 6ஜி நிலையில், டிக் ரூட்டும் ஆர்க் ஃபில்லிங்கும் செய்து தேர்ச்சி பெற்றேன். சான்றிதழ் எண் … . இரு முறைகளிலும் சென்ற மாதம் வரை வெல்டிங் செய்துள்ளேன்.
>
> 2019 ஜூன் முதல் 2023 டிசம்பர் வரை … நிறுவனத்தில் 3 முதல் 10 அங்குலம் வரையிலான நீராவி லைன்களிலும், 2024 ஜனவரி முதல் … நிறுவனத்தில் குளிர்நீர் லைன்களிலும் பணியாற்றினேன். 2 அங்குல பைப்பில் எனக்குச் சான்றிதழ் இல்லை. அதற்கான தேர்வை எழுத ஆயத்தமாக இருக்கிறேன்.
>
> சான்றிதழ், வெல்டிங் பதிவு, அனுபவச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்)

ஏஜென்சி வேறு மொழியில் கேட்டால், இதே வரிசையில் மொழிபெயர்த்துக் கொடுங்கள். "எனக்குச் சான்றிதழ் இருப்பதால் தேர்வு தேவையில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தான் அமர்த்தும் வெல்டருக்குத் தானே பொறுப்பேற்கும் நிறுவனம், பெரும்பாலும் புதிதாக டெஸ்ட் கூப்பன் போடச் சொல்லும். பழைய சான்றிதழ் உங்களை அந்தத் தேர்வுக்கு அழைப்பதற்கான ஆதாரம்.

படி 5: அனுப்பும் முன்

நகல்களை மட்டும் இணையுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் நேரில் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் இன்ஸ்பெக்டர் அந்த வரிகளைச் சுட்டியே, ரூட்டுக்கு எந்த ராடு, எவ்வளவு ஆம்பியர் என்று கேட்பார்.