கீசர் வால்வு சொட்டுகிறதா? முதலில் ஒரு பாட்டிலை வையுங்கள்

தாம்பரத்தில் என் அக்கா வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் குளிர்நீர் நுழையும் குழாயில் பித்தளையில் ஒரு சிறிய வால்வு. அது இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர் ஒருவர், "வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அக்கா சம்மதிக்கவில்லை. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதித்தால் அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அந்த வாய்தான். அதை அடைத்தால் தொட்டியே வெடிக்கக்கூடும்.

எப்போது சொட்டினால் இயல்பு?

சூடாகும் தண்ணீர் விரியும். 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் 25 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய அரை லிட்டர் கூடிவிடும். வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்பலாம் என்றால், அதே வால்வுக்குள் இருக்கும் ஒருவழித் தடுப்பு விடாது. குழாயும் மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வால்வு திறந்து, கூடுதல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. ஆகவே சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

படி 1: இரண்டு முறை அளவெடுங்கள்

வால்வின் வாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் காலி பாட்டிலுக்குள் தளர்வாக விடுங்கள். காலையில் கீசரைப் போட்டு, விளக்கு அணையும் வரை வெந்நீர் எடுக்காமல் இருந்து, சேர்ந்த தண்ணீரை அளந்து கொள்ளுங்கள். அன்றிரவு சுவிட்சை அணைத்துவிட்டுக் காலி பாட்டிலை மீண்டும் வையுங்கள். ஆறும் தண்ணீர் சுருங்கும். அதனால் விடியும்போது பாட்டில் காலியாகவே இருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் காலையில் சுமார் 450 மில்லி சேர்ந்தது. அது கணக்குக்குள் வருகிறது. இரவிலோ ஒன்றேகால் லிட்டர்! அதற்கு விரிவைக் காரணம் சொல்ல முடியாது.

படி 2: வரும் அழுத்தமா, வால்வா?

மேல்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். அக்கா வீட்டில் தொட்டி கீசரிலிருந்து 5 மீட்டர் மேலே இருக்கிறது. அதாவது அரை பார். வால்வின் மேல் 8 பார் என்று பொறித்திருந்தது. அரை பாருக்கு அது திறக்கவே கூடாது. எனவே பழுது வால்வில்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும் பிரஷர் பம்ப் உள்ள வீடுகளிலும் மட்டும் பிளம்பரிடம் அழுத்தமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: நெம்பி அலசுங்கள்

எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் முழுவதும் ஆறிய பிறகு, வால்வின் சிறு கைப்பிடியைச் சில விநாடிகள் தூக்கிப் பிடித்து விடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால், சிக்கிய மணலோ உப்புத் துகளோ அடித்துக்கொண்டு போகலாம். பாதி வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அக்கா வீட்டில் முடியவில்லை.

படி 4: வால்வை மாற்றுங்கள்

மின்சாரம் அணைந்தே இருக்கட்டும். உள்ளே வரும் தண்ணீரை ஆங்கிள் காக்கில் மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, கைப்பிடியைத் தூக்கித் தொட்டியை வடியவிடுங்கள். பிறகு ஸ்பேனரால் வால்வைக் கழற்றுங்கள். நாங்கள் கழற்றிய வால்வின் ரப்பர் வாஷரில், கடுகளவு வெள்ளை உப்புக் கட்டி ஒன்று பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. போர்வெல் தண்ணீர் செய்த வேலை.

புதிய வால்வில் கீசரின் தகட்டில் உள்ள அழுத்த அளவைவிட அதிகமான எண் இருக்கக் கூடாது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, அம்புக்குறி கீசரை நோக்கும்படி முடுக்குங்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் ஹீட்டிங் காயில் கருகிவிடும்.

படி 5: தெர்மோஸ்டாட்

குமிழ் வெளியே இருந்தால் 60 டிகிரிக்குத் திருப்புங்கள். சொட்டும் அளவு முந்நூறு மில்லிக்குக் குறையும், உப்பும் மெதுவாகப் படியும். 50க்குக் கீழே இறக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பில் கிருமி வளரும். குமிழ் மூடிக்குள் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

விளக்கு அணையவே இல்லை, வால்வில் ஆவியோ கொதிநீரோ சீறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது வால்வைத் தொடாமல் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

அக்கா வீட்டில் இப்போது காலையில் ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. இரவில் பாட்டில் காலி. அந்தக் காலைத் தண்ணீரை அக்கா துளசிக்கு ஊற்றுகிறாள்.