மண் ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போடுமுன்

கான்கிரீட் ஓடு பெரியது, சதுர மீட்டருக்குப் பத்து போதும் என்பதால் பாரம் குறையும் என்று நினைக்காதீர்கள். ஒரு ஓட்டை நிறுத்துப் பார்த்து, எண்ணிக்கையால் பெருக்குங்கள். 2.5 கிலோ மண் ஓடு 15 என்றால் 37.5 கிலோ, 4.6 கிலோ கான்கிரீட் ஓடு 10 என்றால் 46 கிலோ. 60 சதுர மீட்டர் கூரையில் 510 கிலோ கூடிவிடுகிறது! அதையும் அந்தப் பழைய கைமரங்கள்தான் தாங்க வேண்டும்.

முகட்டிலிருந்து இறவாணம் வரை கைமரத்தின் அடியில் நூல் பிடியுங்கள். நடுவில் மரம் நூலைக் கீழே தள்ளினால், இருக்கும் பாரத்துக்கே அது வளைந்துவிட்டது. அங்கே இடையில் கூடுதல் கைமரம் கொடுக்காமல் கனத்த ஓடு ஏற்றக் கூடாது. கைமர இடைவெளி 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரீப்பரும் தொய்யும். ஓடுகளின் பூட்டு வாய் பிளந்து ஒழுகும்.

சாய்வில் மட்டும் கான்கிரீட்டுக்கு ஆதாயம். கிடைமட்டமாக 1 மீட்டருக்கு 36 சென்டிமீட்டர் ஏறினால் சாய்வு 20 டிகிரி. பூட்டுள்ள கான்கிரீட் ஓடுகள் பல அதற்குப் போதும். சாதாரண மண் ஓட்டுக்கு 25 டிகிரியாவது வேண்டும். தயாரிப்பாளர் தரும் அளவே முடிவானது.