கால்பந்தில் எத்தனை கோடுகள்? மூலை வெட்டிய உருவங்களை எண்ணும் முறை

போன மாதம் அண்ணன் மகள் பழைய கால்பந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும் தைத்த பந்து. "சித்தப்பா, இதுல மொத்தம் எத்தனை கோடு இருக்கு?" ஸ்கெட்ச் பேனாவால் குறி போட்டுக்கொண்டே இருவரும் எண்ணினோம். முதல் தடவை 87, அடுத்து 92, அதற்கப்புறம் 89. பந்து கையில் உருண்டதும் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடுகிறது. விரலால் எண்ணாமல் எண்ணும் வழியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முகம், விளிம்பு, உச்சி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரு சோப்பு

நேரே கால்பந்துக்குப் போக வேண்டாம். துணி துவைக்கும் பார் சோப்பில் ஒரு கனசதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். பலர் உருளைக்கிழங்கைச் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ஈரத்தில் வழுக்குகிறது, வெட்டிய ஓரம் கூர்மையாகத் தெரிவதில்லை. புது சோப்பாக இருக்கட்டும், காய்ந்தது உதிரும்.

கனசதுரத்துக்கு 6 முகம், 8 உச்சி, 12 விளிம்பு. ஒரே ஒரு மூலையைக் கத்தியால் சீவுங்கள். சீவிய இடத்தில் சின்ன முக்கோணம் ஒன்று தெரியும். இப்போது என்ன மாறியது என்று பாருங்கள். புதிதாக ஒரு முகம் வந்தது. பழைய உச்சி ஒன்று போய், முக்கோணத்தின் மூன்று உச்சிகள் வந்தன. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் புது விளிம்புகள். பழைய விளிம்பு எதுவும் போகவில்லை, மூன்று விளிம்புகள் கொஞ்சம் குட்டையாகிவிட்டன, அவ்வளவுதான்.

எட்டு மூலைகளையும் சீவினால் முகம் 6 + 8 = 14. உச்சி 8 × 3 = 24. விளிம்பு 12 + 8 × 3 = 36. பழைய சதுரங்கள் எண்கோணமாகியிருக்கும்.

2. இருபது முக்கோணம்

கால்பந்துக்கு அடிப்படை உருவம் இருபதுமுகி. 20 சமபக்க முக்கோணங்கள், 12 உச்சிகள், 30 விளிம்புகள். ஒவ்வொரு உச்சியிலும் ஐந்து முக்கோணங்கள் கூடும்.

சார்ட் பேப்பரில் முக்கோணத்தின் பக்கம் 9 செ.மீ. வைத்து வரையுங்கள். நடுவில் 10 முக்கோணங்கள் கொண்ட ஒரு பட்டை, அதற்கு மேலே 5, கீழே 5. மடிப்புக் கோடுகள் 19 வரும், ஒட்ட வேண்டிய ஓரங்கள் 11 ஜோடி. இரண்டையும் கூட்டினால் 30. வரைந்தது சரிதானா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள இது நல்ல வழி.

மடிக்கும் முன்னரே எல்லாப் பக்கங்களிலும் 3 செ.மீ., 6 செ.மீ. இடங்களில் புள்ளி வையுங்கள். ஒட்டிய பிறகு ஸ்கேல் நேராக உட்காராது. வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு ராத்திரி காய விடுங்கள். செலோடேப் வேண்டாம், மூலையை வெட்டும்போது கத்திரிக்கோலில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

காய்ந்ததும் ஒரு உச்சியைச் சுற்றியுள்ள ஐந்து புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்து, கோட்டோடு வெட்டுங்கள். குட்டித் தொப்பி போல ஒரு துண்டு கழன்று வரும். அங்கே 3 செ.மீ. பக்கமுள்ள ஐங்கோண ஓட்டை இருக்கும். அதைக் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். பன்னிரண்டு மூலையும் முடிந்தால் கையில் இருப்பது கால்பந்து. முக்கோணங்கள் மூன்று மூலையையும் இழந்து அறுகோணமாகியிருக்கும்.

3. எண்ணிக்கை

முகம் எளிது. பழையது 20, புதியது 12, ஆக 32. உச்சிக்கு, ஒவ்வொரு மூலையிலும் ஐந்து: 12 × 5 = 60.

விளிம்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஐங்கோணங்களுக்கு 12 × 5 = 60 பக்கம், அறுகோணங்களுக்கு 20 × 6 = 120 பக்கம், மொத்தம் 180 என்று எழுதினேன். ஒவ்வொரு கோடும் இரண்டு துண்டுகளுக்குப் பொது, அதனால் இரண்டு முறை எண்ணப்படுகிறது. பாதியாக்கினால் 90.

ஆனால் பாதியாக்கும் கணக்கை விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பந்தை எடுத்து ஒரு வெள்ளை அறுகோணத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் ஆறு பக்கங்களில் ஒன்று விட்டு ஒன்று கறுப்பைத் தொடும். மற்ற மூன்றும் பக்கத்து வெள்ளையைத் தொடும். கறுப்பும் வெள்ளையும் சேரும் தையல்கள் எல்லாம் மூலையை வெட்டியதால் பிறந்தவை: 12 × 5 = 60. வெள்ளையும் வெள்ளையும் சேரும் தையல்கள் இருபதுமுகியின் பழைய விளிம்புகளில் மிச்சமிருக்கும் நடுப்பகுதி: 30. கூட்டினால் 90. வெட்டுவதற்கு முன் இருந்த உருவம் பந்தின் மேலேயே எழுதியிருக்கிறது!

சரிபார்க்க ஆய்லர் சூத்திரம், V − E + F = 2. V உச்சி, E விளிம்பு, F முகம். இங்கே 60 − 90 + 32 = 2. பாதியாக்க மறந்து 180 போட்டிருந்தால் −88 வரும், தவறு உடனே தெரிந்துவிடும்.

எந்த உருவத்துக்கும் பொதுவாக எழுதினால்:

```
புதிய V = 2 × E
புதிய E = 3 × E
புதிய F = F + V
```

ஒவ்வொரு பழைய விளிம்பும் தன் இரு முனைகளிலும் வெட்டுப்படுகிறது, அதனால் உச்சி 2E. புது உச்சிக்கு ஒன்றாகப் புது விளிம்பும் 2E வரும், பழைய E-யோடு சேர்ந்து 3E. கனசதுரத்தில் E = 12, ஆக 24, 36. சோப்பில் எண்ணியதும் அதுதான்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகர் தனக்கு உச்சி 30, விளிம்பு 60 தான் வருகிறது, ஆய்லர் சூத்திரமும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். 30 − 60 + 32 = 2, உண்மைதான். படம் அனுப்பச் சொன்னேன். பார்த்தால், அவர் பக்கத்தின் நடுப்புள்ளியில் வெட்டியிருக்கிறார். அப்படி வெட்டினால் இரண்டு முனையிலிருந்தும் வரும் வெட்டுகள் ஒரே புள்ளியில் சந்தித்து, பழைய விளிம்பு முழுசாகப் போய்விடும். முக்கோணம் அறுகோணமாகாமல் சின்ன முக்கோணமாகவே நிற்கும். அது வேறு ஒரு சரியான உருவம், கால்பந்து இல்லை. ஆகவே ஆய்லர் சூத்திரம் எண்ணிய தவறைப் பிடிக்குமே தவிர, வெட்டிய இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. வெள்ளையும் வெள்ளையும் தொடும் பக்கம் இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நடுப்புள்ளிக்கு முன்னால் எங்கே வெட்டினாலும் எண்ணிக்கை மாறாது. அறுகோணம் ஒழுங்காக வரத்தான் மூன்றில் ஒரு பங்கு. சோப்பில் ஒழுங்கான எண்கோணம் வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று உதவாது, பக்கத்தின் 0.29 பங்கு. 5 செ.மீ. சோப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை செ.மீ.

பின்சேர்க்கை 2: கடையில் வாங்கிய பந்தில் 32 துண்டு இல்லை என்று இருவர் சொன்னார்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்து இந்த 32 துண்டு அமைப்பில் இருந்தது. 2006 உலகக் கோப்பைப் பந்துக்கு 14 துண்டுகள், 2014-இல் வெறும் 6. வாங்கும்போது கறுப்பு ஐங்கோணம் இருக்கிறதா, அதைச் சுற்றி ஐந்து வெள்ளை அறுகோணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.