பீமின் ஒரு பகுதியில் மட்டும் யு.டி.எல்: ரியாக்‌ஷன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு பீம் கணக்கு கொடுப்பேன். இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பீம், மேலே ஒரு பாயிண்ட் லோடு, எங்கோ தொடங்கி எங்கோ முடியும் ஒரு யு.டி.எல், அதாவது சீராகப் பரவி இறங்கும் சுமை. இரண்டு தாங்கியிலும் எவ்வளவு ரியாக்‌ஷன் வரும், அதாவது தாங்கி மேல்நோக்கி எவ்வளவு விசை கொடுக்கும், என்பதுதான் கேள்வி. போன வாரம் ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்த விடை, வேலைக்கு வந்த முதல் வருடம் நான் எழுதிய அதே தப்பு விடை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கிலோவையும் நியூட்டனையும் குழப்புவது, கூட்டலில் தவறுவது போன்றவை யாருக்கும் வரும், ஒருமுறை பட்டால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கு என் பழைய சைட்டில் இருந்து எடுத்தது. ஒரு வீட்டில் தரைத்தளத்து நடுச்சுவரை எடுத்துவிட்டு, மாடிச் சுவரைத் தாங்க இரும்பு ஐ பீம் போட வேண்டியிருந்தது. நீளம் 6 மீட்டர். இடது முனை ஏ, வலது முனை பி. ஏ-யிலிருந்து 1 மீட்டரில் குறுக்கே வரும் இன்னொரு பீம் 18 கிலோநியூட்டனை இறக்குகிறது. மாடிச் சுவர் 2-வது மீட்டரில் தொடங்கி 5-வது மீட்டரில் முடிகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், உயரம் 2.2 மீட்டர், கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்தால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 கிலோநியூட்டன்.

சுவரின் நடு எங்கே இருக்கிறது

யு.டி.எல்லை முதலில் மொத்தச் சுமையாக மாற்ற வேண்டும்: 10-ஐ 3 மீட்டரால் பெருக்கினால் 30 கிலோநியூட்டன். இதில் யாரும் தவறுவதில்லை. அந்த 30 எந்த இடத்தில் இறங்குவதாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் தவறுகிறார்கள்.

அது சுவரின் நடுவில் இறங்கும். சுவரின் நீளம் 3, பாதி 1.5. நான் அன்று அந்த 1.5-ஐயே தூரமாகப் போட்டேன். மொமென்ட் என்பது சுமையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் சுழற்றும் விளைவு. அதை எடுப்பது ஏ-யைச் சுற்றி, ஆகவே தூரத்தையும் ஏ-யிலிருந்துதான் அளக்க வேண்டும். சுவர் தொடங்கும் முன் இருக்கிற 2 மீட்டரை நான் சேர்க்கவே இல்லை. சரியான தூரம் 2 + 1.5, அதாவது 3.5 மீட்டர்.

```
R_B × 6 = 18 × 1 + 30 × 3.5 = 123
R_B = 20.5 kN
R_A = 48 − 20.5 = 27.5 kN
```

நான் போட்டபடி 1.5 என்றால் வலப்பக்கக் கூட்டல் 63 ஆகும், பி-யில் 10.5, ஏ-யில் 37.5. உண்மையில் வருவதில் ஏறக்குறைய பாதிதான் பி-க்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பீம் முனை உட்காரும் இடத்தில் சுவர் நசுங்காமல் இருக்க வார்க்கும் கான்கிரீட் பெட் பிளாக்கை, அந்த 10.5-ஐ நம்பிச் சிறிதாகப் போட்டார்கள். பீமை ஏற்றுவதற்கு முந்தின நாள் சீனியர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "சுவர் முழுக்க பி பக்கமா சாஞ்சு நிக்குது, உன் கணக்குல சுமை எல்லாம் ஏ பக்கம் ஓடுதே?" என்றார். பெட் பிளாக்கை உடைத்துப் பெரிதாக வார்த்தோம். மேஸ்திரியின் இரண்டு நாள் கூலியும், கான்கிரீட் இறுகக் காத்திருந்த நாட்களும் அந்த 2 மீட்டரால் போனவை.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. யு.டி.எல் என்றாலே பீமின் நடு என்று மனப்பாடம் செய்தவர்கள் 3 மீட்டரைப் போடுவார்கள். முழு நீளத்துக்கும் யு.டி.எல் இருக்கும் கணக்குகளையே செய்து பழகியதால் வருவது இது. அப்படிப் போட்டால் பி-யில் 18, ஏ-யில் 30 வரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் இது முதல் தவறைவிட ஆபத்து.

கூட்டிப் பார்த்தேன், 48 வருகிறதே

இதைக் கேட்டால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மொத்தச் சுமை 48. ஒரு ரியாக்‌ஷனைக் கண்டுபிடித்து, மற்றதை 48-லிருந்து கழித்து எடுத்துவிட்டு, பிறகு இரண்டையும் கூட்டினால் 48 வராமல் என்ன வரும்? 37.5-ம் 10.5-ம் கூட்டினாலும் 48. 30-ம் 18-ம் கூட்டினாலும் 48. கழித்ததைத் திரும்பக் கூட்டியிருக்கிறோம், சரிபார்க்கவில்லை.

ஏ-யின் ரியாக்‌ஷனைக் கழித்து எடுக்காமல், பி-யைச் சுற்றித் தனியாக மொமென்ட் எடுங்கள். பி-யிலிருந்து பாயிண்ட் லோடு 5 மீட்டர், சுவரின் நடு 2.5 மீட்டர். 90 + 75 = 165; 6-ஆல் வகுத்தால் 27.5. இப்போது 20.5-ஐக் கூட்டி 48 வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. என் பழைய தவறை இந்தப் பக்கமிருந்தும் செய்தால், அதாவது பி-யிலிருந்தும் 1.5 என்றே போட்டால், ஏ-யில் 22.5 வரும். அதோடு 10.5 சேர்த்தால் 33. தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் பீமின் நடுவைப் போட்டவர் இதிலும் தப்பித்துவிடுவார். பி-யிலிருந்தும் அவர் 3 மீட்டரையே போடுவார், ஏ-யில் 30 வரும், கூட்டினால் 48. இவரைப் பிடிக்க ஷியர் போர்ஸ் படம் வேண்டும், அதாவது ஏ-யின் ரியாக்‌ஷனில் தொடங்கி, வழியில் வரும் சுமைகளைக் கழித்துக்கொண்டே போகும் படம். அதில் சுவரை அது நிற்கும் இடத்திலேயே, 2-லிருந்து 5 வரை வரைந்தாக வேண்டும். கோட்டுக்கு மேலே உள்ள பரப்பும் கீழே உள்ள பரப்பும் சமமாக வந்தால்தான் பி முனையில் மொமென்ட் பூஜ்யம். சரியான விடையில் 27.5 + 9.5 − 16.5 − 20.5, பூஜ்யம். நடுவைப் போட்டவருக்கு 30 + 12 − 9 − 18, மிச்சம் 15. சும்மா உட்கார்ந்திருக்கும் முனை எந்த மொமென்டையும் தாங்காது, ஆகவே அந்த 15 இருக்கவே முடியாது.

பேனாவை எடுக்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. சுவரின் நடு, பீமின் நடுவைத் தாண்டி பி பக்கம் இருக்கிறது. ஆகவே அந்த 30-இல் பி-யின் பங்கு 15-க்கு மேல் இருக்க வேண்டும். பாயிண்ட் லோடில் ஆறில் ஒரு பங்கு, 3, பி-க்குப் போகும். மொத்தம் 18-க்கு மேல்தான் வர வேண்டும். 10.5-ம் விழுந்துவிட்டது, 18-ம் விழுந்துவிட்டது.

மாற்றிய பாயிண்ட் லோடை அப்படியே வைத்திருப்பது

30-ஐ ஓரிடத்தில் குவிப்பது ரியாக்‌ஷனுக்கு மட்டும். கிடைத்ததும் அதை அழித்துவிட்டுச் சுவரைத் திரும்ப வையுங்கள். குவித்தபடியே தொடர்ந்தால் பெரும மொமென்ட் 3.5-வது மீட்டரில் 51.25 கிலோநியூட்டன் மீட்டர் என்று வரும். உண்மையில் அது 2.95-வது மீட்டரில், சுமார் 41.5 மட்டுமே.

பீமின் சொந்த எடை

முழு நீளத்துக்கும் உண்டு. பாதிப் பாதியாக இரண்டு முனையிலும் கடைசியில் சேருங்கள்.

நடுவில் மூன்றாவது தாங்கி இருந்தால்

இந்த வழி செல்லாது.